தலையிலிருந்து முளைக்கும் கால்கள்: குழந்தை வரைந்த ஆள் படத்தை எப்படிப் படிப்பது?

நான்கு வயதுக் குழந்தை பெரிதாக ஒரு வட்டம் போடுகிறது. உள்ளே இரண்டு கண், ஒரு வாய். வட்டத்துக்குக் கீழே நேராக இரண்டு கோடு இழுத்துவிட்டு "இது அப்பா" என்று நீட்டுகிறது. கழுத்து இல்லை, வயிறு இல்லை, கால் தாடையிலிருந்தே ஆரம்பிக்கிறது. பெங்களூரில் எந்த ப்ளே ஸ்கூலுக்குப் போனாலும் எல்.கே.ஜி. வகுப்புச் சுவரில் இப்படிப்பட்ட அப்பாக்கள் வரிசையாகத் தொங்குவார்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஓர் அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "மேடம், இவனுக்கு ஏதாவது பிரச்சினையா? பக்கத்து வீட்டுப் பொண்ணு சட்டை, பேன்ட்டோட வரையறா" என்று கேட்பார்.

புதிதாக ப்ளே ஸ்கூல் வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியைகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும், வீட்டில் படக் குவியல் வைத்திருக்கும் பெற்றோரும் இந்தக் கேள்விக்குத் தாங்களே ஓரளவு பதில் தேடிக்கொள்ளலாம். அதற்கு ஓர் ஆள் படத்தை எப்படி வாங்குவது, எப்படி எண்ணுவது, வரும் எண்ணை எவ்வளவு நம்புவது என்று தெரிந்தால் போதும்.

ஆள் வருவதற்கு முன்

ஒன்றேகால் வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் குழந்தை கிரேயானை முஷ்டியில் பிடித்துக் கிறுக்கத் தொடங்குகிறது. அப்போது அசைவது விரல் அல்ல, தோளும் முழங்கையும். அதனால்தான் கோடு தாளைத் தாண்டித் தரைக்குப் போய்விடுகிறது. இரண்டு வயது வாக்கில் நீங்கள் இழுத்துக் காட்டும் செங்குத்துக் கோட்டைப் பார்த்து இழுக்கும். கொஞ்சம் கழித்துப் படுக்கைக் கோடு வரும். சுமார் மூன்று வயதில் மூடிய வட்டம் வரும்.

இந்த வட்டத்தைக் கவனியுங்கள். சுழற்றிச் சுழற்றிக் கிறுக்குவது ரொம்ப நாளாகவே நடந்துகொண்டிருக்கும், அது வேறு. வட்டம் என்பது தொடங்கிய இடத்துக்கே கோட்டைக் கொண்டுவந்து நிறுத்துவது. அதுவரை கை போன போக்கில் கண் போனது. இப்போது கண் சொல்லும் இடத்தில் கை நிற்கிறது. அதன்பின் கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டியும், சதுரம் நாலரை ஐந்திலும், முக்கோணம் ஐந்தை ஒட்டியும் வரும். சாய்சதுரம் ஏழு வயது வரைகூடக் காத்திருக்க வைக்கும். இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. ஆனால் வயதில் ஆறு மாதம் முன்பின் ஆவது சாதாரணம்.

இதே காலத்தில் குழந்தை கிறுக்கலுக்குப் பெயர் வைக்கவும் ஆரம்பிக்கும். முதலில் வரைந்துவிட்டு "பஸ்" என்று சொல்லும், பத்து நிமிடத்தில் அதே தாள் "நாய்" ஆகிவிடும். பிறகு ஒரு நாள் "பஸ் வரையப் போறேன்" என்று சொல்லிவிட்டு வரையும். பெயர் பின்னால் வருவதிலிருந்து முன்னால் வருவதற்கு மாறுவது பெரிய தாவல். இதைத் தாளை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தலைப்பிரட்டை மனிதன்

வட்டம் வந்த சில மாதங்களில் அதற்குக் கண்ணும் காலும் முளைத்து ஆள் ஆகிவிடுகிறது. தலையும் காலும் மட்டும் உள்ள இந்த உருவத்தைத் தலைப்பிரட்டை மனிதன் என்கிறார்கள். மூன்றிலிருந்து நான்கு வயதில் சர்வ சாதாரணம், ஐந்து வயதிலும் சில குழந்தைகளிடம் இருக்கும்.

'உடம்பு என்று ஒன்று இருப்பதே இந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை' என்று நினைப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. "உன் தொப்பை எங்கே?" என்று கேளுங்கள், சட்டையைத் தூக்கியே காட்டிவிடும். தெரிந்ததைத் தாளில் எந்த வரிசையில் இறக்குவது என்பதுதான் சிக்கல். மேலே தலையில் ஆரம்பிக்கிறது, கீழே காலில் முடிக்கிறது, நடுவில் இருப்பது விட்டுப்போகிறது. நார்மன் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இப்படித்தான் விளக்கினார். கிளேர் கோலம்ப் என்ற உளவியலாளர் இன்னும் எளிய வழியில் சோதித்தார். ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி வரையச் சொன்னால், தானாக வரையும்போது தலைப்பிரட்டை போடும் குழந்தைகள் பலர் முழு உடம்போடு ஆளை வரைந்துவிடுகிறார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம்: "தலை போடு, கழுத்து போடு, தொப்பை போடு, இப்போ கை…" இப்படிச் சொல்லிச் சொல்லி வந்த படத்தை மதிப்பெண்ணுக்கு எடுக்கக் கூடாது. ஆனால் கவலையோடு வந்த அம்மாவுக்குக் காட்ட அதைவிட நல்ல தாள் கிடையாது.

படத்தை வாங்கும் முறை

1926இல் அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் குடினஃப் ஆள் படத்தை அளவுகோலாக்கினார். ஓவியம் அழகாக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை, ஆளிடம் இருக்க வேண்டியவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினார். மொத்தம் 51 குறிப்புகள். 1963இல் டேல் ஹாரிஸ் இதை விரித்து ஆணுக்கு 73, பெண்ணுக்கு 71 என்று ஆக்கினார். இந்தியக் குழந்தைகளுக்காகப் பரோடாவில் பிரமிளா பாட்டக் ஒரு வடிவம் தயாரித்தார். உளவியலாளர்கள் முழுப் பட்டியலையும் கையேட்டோடு பயன்படுத்துவார்கள். நமக்குப் பழைய 1926 பட்டியலின் எளிய குறிப்புகளே போதும். நாலிலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

கோடு போடாத வெள்ளைத் தாள் ஒன்று, சாதாரண பென்சில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிரேயான்ஸ் வேண்டாம், வண்ணம் அடிக்கும் சுவாரசியத்தில் விரல் எத்தனை என்பது மறைந்துவிடும். சுவரில் படம் மாட்டாத இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். பக்கத்தில் இன்னொரு குழந்தை வரைந்துகொண்டிருக்கக் கூடாது. எல்.கே.ஜி.யில் காப்பி அடிப்பது பாவமே இல்லை.

அப்புறம், வீட்டில் பேசும் மொழியிலேயே சொல்லுங்கள். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வாழ்பவர்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ஆள் வரும் என்று நிச்சயமில்லை, ஏ.பி.சி. புத்தகத்தில் உள்ள படம் வரலாம். "ஒரு ஆம்பளை படம் வரைஞ்சு குடு. உனக்கு எவ்வளவு நல்லா வருமோ அவ்வளவு நல்லா வரை. அவசரமே இல்லை." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். "கண்ணு எங்கே?" "கை விட்டுட்டியே" என்றெல்லாம் வாய் திறந்தால் அந்தத் தாள் கெட்டது. ஏன் ஆம்பளை என்றால், பெண் உடையில் வகை அதிகம், ஆண் உடை ஓரளவு ஒரே மாதிரி என்பதால் குடினஃப் அப்படி வைத்தார். நம் ஊருக்கும் அது பொருந்தும். அம்மாவை வரையச் சொன்னால் சேலை முக்கோணமாக இறங்கிக் காலை மறைத்துவிடும், கால் தெரியாததால் வரவில்லையா, வரைய வராததால் இல்லையா என்று நமக்குத் தெரியாது.

வரைந்து முடித்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டுப் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். காதென்று நீங்கள் நினைத்தது ஹெட்போனாக இருக்கும். தேதியையும் குழந்தையின் வயதை வருடம், மாதமாகவும் எழுதுங்கள். இதை எழுதாத படத்தால் பிறகு எந்தப் பயனும் இல்லை.

எண்ணுவது

ஒவ்வொன்றுக்கும் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அரை மதிப்பெண் கிடையாது. தலை, கால்கள், கைகள், உடம்பு, உடம்பு அகலத்தைவிட நீளமாக இருப்பது, கை கால் இரண்டுமே உடம்போடு சேர்ந்திருப்பது, கழுத்து, கண், மூக்கு, வாய், முடி, ஏதாவது உடை, விரல்கள், விரல் சரியாக ஐந்தைந்து, காது, புருவம் அல்லது இமைமுடி. சிறு குழந்தைகளின் படத்தில் வருவது பெரும்பாலும் இவைதான்.

சில இடங்களில் கை தடுமாறும். வட்டத் தலைக்குக் கீழே இரண்டு கால், கால்களுக்கு நடுவே வரிசையாகப் பொத்தான்கள் இருந்தால் உடம்பு உண்டா? கீழே குறுக்குக் கோடு ஒன்று போட்டு உடம்பு முடிகிறது என்று காட்டியிருந்தால் உண்டு. இல்லையென்றால் உடம்புக்கு 0, ஆனால் பொத்தானுக்காக உடைக்கு 1. கண் பக்கவாட்டில் இல்லாமல் நெற்றியில் ஒட்டியிருந்தாலும் கண்தான். பொட்டு, ஜடை, ஜிமிக்கி, பூ என்று என்ன சேர்த்தாலும் பட்டியலில் அவற்றுக்கென்று தனி எண் கிடையாது. எனக்கு இது எப்போதும் வருத்தம்தான். மல்லிகைச் சரத்தை ஒவ்வொரு மொட்டாக வரைந்த பெண் குழந்தைக்கு அதற்காக ஒன்றும் கிடைக்காது, முடிக்கு மட்டும் ஒன்று. பின்பக்கத்தில் குறித்து வையுங்கள், எண்ணில் சேர்க்காதீர்கள்.

மொத்தத்தை நான்கால் வகுத்து மூன்றோடு கூட்டினால் வருடக் கணக்கில் வளர்ச்சி வயது கிடைக்கும். அதாவது அடிப்படை மூன்று வயது, ஒவ்வொரு குறிப்பும் மூன்று மாதம்.

அல்சூரில் இருக்கும் கவின் என்ற பையனை எடுத்துக்கொள்வோம் (பெயர் மாற்றியது). வயது 4 வருடம் 10 மாதம். அவன் முதலில் வரைந்த படத்தில் பெரிய வட்டத் தலை, இரண்டு கண், புள்ளியாக மூக்கு, வளைந்த வாய், உச்சியில் மூன்று முடி. தலையிலிருந்தே இரண்டு கை வருகிறது, கை முனையில் சீப்புப் பல் போல ஏழெட்டு விரல். தலைக்குக் கீழே இரண்டு கால். எண்ணுவோம்: தலை, கால், கை, கண், மூக்கு, வாய், முடி, விரல். மொத்தம் 8. விரல் இருக்கிறது என்பதற்கு ஒன்று உண்டு, சரியான எண்ணிக்கைக்கு இல்லை. உடம்பு இல்லாததால் அதற்கும் அதன் நீளத்துக்கும் இல்லை, கை கால் உடம்போடு சேர்வதற்கும் இல்லை. எட்டை நான்கால் வகுத்தால் 2. வளர்ச்சி வயது 5. அம்மா பயந்துகொண்டு கொண்டுவந்த அந்தத் தலைப்பிரட்டைப் படமே அவன் வயதை ஒட்டித்தான் நிற்கிறது.

பத்து நாள் கழித்து அதே பையன் மறுபடி வரைந்தான். இம்முறை தலைக்குக் கீழே நீள்சதுர உடம்பு, அதில் மூன்று பொத்தான். கைகள் உடம்பின் பக்கத்திலிருந்தும் கால்கள் அதன் அடியிலிருந்தும் வருகின்றன. கண், வாய், முடி, விரல் எல்லாம் உண்டு. மூக்கை மறந்துவிட்டான். தலை, கால், கை, உடம்பு, உடம்பின் நீளம், கை கால் சேர்ந்திருப்பது, கண், வாய், முடி, உடை, விரல் என்று 11. வளர்ச்சி வயது 5 வருடம் 9 மாதம்.

பத்து நாளில் பையன் ஒன்பது மாதம் வளர்ந்துவிடவில்லை. உடம்பு என்ற ஒன்று உள்ளே வந்ததும் அதோடு சேர்ந்து நான்கு குறிப்புகள் ஒரே வீச்சில் வந்தன. உடம்பு, அதன் நீளம், கை கால் சேர்வது, அதன்மேல் உடை. முகத்தில் ஒன்று போயிற்று. ஒரே ஒரு முடிவு இத்தனை எண்ணை நகர்த்துகிறது என்றால், ஒரே படத்தை வைத்து ஒரு குழந்தையின் வயதைச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். குறைந்தது வேறு வேறு நாளில் மூன்று படம் வாங்குங்கள். பெற்றோரிடம் எண்ணைச் சொல்லாதீர்கள். "வயதுக்கு ஏற்ற மாதிரி வரைகிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணைச் சொன்னால் அன்று மாலையே அது குடும்ப வாட்ஸ்அப்பில் ஐ.க்யூ. ஆகிவிடும்.

பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. 15,000க்கு மேற்பட்ட குழந்தைகள் நாலு வயதில் ஆள் படம் வரைந்தார்கள், நாலிலும் பதினாலிலும் அறிவுத்திறன் சோதனையும் நடந்தது. படத்துக்கும் நாலு வயதுச் சோதனைக்கும் இருந்த தொடர்பு எண் 0.33, பதினாலு வயதில் 0.20. முழுத் தொடர்பு என்றால் 1 வரும். அதாவது ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஏதோ ஒரு சாயல் தெரிகிறது. உங்கள் கையில் இருக்கும் ஒரு தாளை வைத்து ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

எண் பொய் சொல்லும் இடங்கள்

முதலாவது, பென்சில் பழக்கம். ஒயிட்ஃபீல்ட் பக்கம் கட்டட வேலைக்காகத் தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பாருங்கள். ஐந்தரை வயதில் முதல்முறை பென்சில் பிடிக்கும் குழந்தை இரண்டு வட்டமும் நாலு கோடும் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். எண் ரொம்பக் குறைவாக வரும், வளர்ச்சி வயது சொந்த வயதுக்கு வெகு கீழே நிற்கும். அதே குழந்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வரும். அதற்கு ஒன்றரை இரண்டு மாதம் தினமும் தாளும் கிரேயானும் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பழக்கக் குறை என்றால் படம் விறுவிறுவென்று மாறும். மாறவில்லை என்றால் மட்டுமே மேலே யோசிக்க வேண்டும். மொழி இல்லாத சோதனை, அதனால் எல்லோருக்கும் பொது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். குடினஃபும் ஹாரிஸும் 1950லேயே அந்த நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர், கற்றுக்கொடுத்த ஆள். டிராயிங் கிளாஸில் அல்லது யூடியூப் பார்த்துப் பழகிய இளவரசியை ஐந்து வயதுக் குழந்தை கண்ணிமை, ஐந்து விரல், ஹை ஹீல்ஸ் வரை கச்சிதமாகப் போட்டுவிடும். எண் ஏழு வயதைத் தொடும். சந்தேகம் வந்தால், "தாத்தா சேர்ல உக்காந்து பேப்பர் படிக்கிறார், வரை" என்று கேளுங்கள். மனப்பாட ஆள் உட்கார மாட்டார். கிடைக்கும் படம் குழந்தையின் சொந்த நிலையைக் காட்டும்.

மூன்றாவது, மனதைப் படிக்கும் ஆசை. கை வரையவில்லை, அதனால் வீட்டில் அடிக்கிறார்கள். கறுப்பு வண்ணம், அதனால் சோகம். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த விளக்கங்களை நம்பாதீர்கள். இவற்றுக்கான ஆய்வு ஆதாரம் பலவீனமானது. கறுப்பு கிரேயான் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம், பொதுப் பெட்டியில் உடையாமல் மிச்சம் இருந்தது அது மட்டும்தான் என்றுகூட இருக்கலாம். சேலைக்குள்ளே கால் தெரிவது, பஸ்ஸின் தகரத்தைத் தாண்டி எல்லாப் பயணிகளும் தெரிவது, ஆட்டோவின் மூன்று சக்கரமும் ஒரே பக்கம் வரிசையாக நிற்பது இவையும் கோளாறு அல்ல. ஐந்திலிருந்து எட்டு வயதுக் குழந்தை கண்ணுக்குத் தெரிவதைவிட, தனக்குத் தெரிந்ததைத்தான் அதிகம் வரைகிறது. படத்தைப் பார்த்துப் பயம் வந்தால் குழந்தையிடம் "இதில் என்ன நடக்குது?" என்று கேட்பது ஒன்றே சரியான வழி. குழந்தை அடி, தொடுதல், பயம் என்று எதையாவது தன் வாயால் சொன்னால் அது வேறு விஷயம், அதை அலட்சியம் செய்யக் கூடாது.

எப்போது நிபுணரைத் தேடிப் போவது

படம் மட்டும் பின்தங்கி, பேச்சு, விளையாட்டு, தானே சாப்பிடுவது, மற்ற குழந்தைகளோடு பழகுவது எல்லாம் வயதுக்குத் தக்கபடி இருந்தால், தாளும் நேரமும் கொடுத்து மூன்று மாதம் பொறுக்கலாம். விரல் பிடியையும் கவனியுங்கள். நாலரை வயதிலும் முஷ்டியில்தான் பிடிக்கிறது என்றால் அது கை சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பது நல்லது.

காத்திருக்கக் கூடாத இடங்கள் உண்டு. பொருள் கையில் கிடைத்தும் இரண்டு வயது தாண்டிக் கிறுக்கவே செய்யாதது. மூன்றரை தாண்டியும் நீங்கள் போட்டுக் காட்டிய வட்டத்தைப் பார்த்துப் போட வராதது. பழக்கம் இருந்தும் நாலரை, ஐந்து வயதில் ஆள் படத்தில் மூன்று உறுப்புகூடச் சேராதது, கூடவே பேச்சும் குறைவாக இருப்பது. எல்லாவற்றையும்விட முக்கியம், முன்பு வரைந்துகொண்டிருந்த குழந்தைக்கு இப்போது வராமல் போவது, அல்லது கை நடுங்குவது. இது படத்தின் பிரச்சினையே இல்லை, உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

முதலில் உங்கள் வழக்கமான குழந்தை மருத்துவர். அங்கிருந்து தேவைப்பட்டால் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம், அல்லது ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவு. அங்கே ஆள் படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். பெற்றோரிடம் நீளமாகப் பேசுவார்கள், அன்றாடக் காரியங்களைக் குழந்தை தானே எவ்வளவு செய்கிறது என்று சமூக முதிர்ச்சி அளவுகோல் வைத்துக் கேட்பார்கள், குழிப்பலகையில் வடிவங்களைப் பொருத்தச் சொல்வார்கள்.

போகும்போது தேதி எழுதிய படங்கள் நாலைந்தைப் பழையதிலிருந்து புதியது வரை அடுக்கி எடுத்துப் போங்கள். லேமினேட் செய்தது வேண்டாம், கோட்டின் அழுத்தம் தெரியாது. நீங்கள் போட்ட எண்ணைப் படத்தின் முன்பக்கத்தில் எழுதாதீர்கள், பார்ப்பவர் புதுக் கண்ணோடு எண்ணட்டும். குழந்தை எந்த மொழியில் பேசுகிறது, எந்த வயதில் முதன்முதலில் பென்சில் பிடித்தது, டிராயிங் கிளாஸ் போகிறதா என்ற மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலே வையுங்கள்.